ஒரே வாய்க்காலில் பதினொரு வண்டி

விழிதியூர் வாய்க்காலில் கவிழ்ந்தது ஒரே ஒரு வண்டிதான். அது எங்கள் வண்டி. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பள்ளிக்கூட ஆபீஸ் கணக்குப்படி அங்கே பதினொரு வண்டி கவிழ்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் அமலன் சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி வைத்து ஓட்டுகிறார். காரைக்கால் துறைமுகத்திலிருந்து கும்பகோணத்துக்கு மீன் பெட்டி ஏற்றிப் போவார். மீன்பிடித் தடைக்காலத்தில் எது கிடைக்கிறதோ அது. மே மாதம் ஒரு விடியற்காலையில் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தவர், விழிதியூர் பக்கம் ரோட்டில் படுத்திருந்த எருமைக்காக வண்டியை ஒடித்திருக்கிறார். எருமை எழுந்து போய்விட்டது. வண்டி வாய்க்காலுக்குள். அந்த மாதத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஏது, காய்ந்து கிடந்தது. அதனால்தான் அடி பலம். வலது தோளில் காறை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வண்டி பட்டறையில் நிற்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். பணம் வரும், ஆனால் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

எனக்குக் கோபம் எருமை மேல் இல்லை. அமலன் மேல்தான். "எருமைக்குப் பாவம் பாத்தீங்களே, என்னப் பாத்தீங்களா?" என்று தினமும் கேட்பேன். சட்டைப் பொத்தான் போட அவருக்கு இடது கை பழகவில்லை. என்னைக் கூப்பிடப் பயந்துகொண்டு, திறந்த சட்டையோடே திரிவார். அதற்கும் திட்டு விழும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் ஆக்சிலியா பத்தாவது பாஸ் பண்ணினாள். நல்ல மார்க். அதே பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி-மேத்ஸ் குரூப் கிடைத்தது. அந்த குரூப்பில் இடம் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. வெள்ளிக்கிழமைக்குள் முதல் பருவக் கட்டணத்தை முழுசாகக் கட்டினால்தான் இடம் உறுதி. கட்டாவிட்டால் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். அவள் நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஏழாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா கையைக் கட்டி அவிழ்ப்பதெல்லாம் இப்போது அவள்தான். அந்த இடம் போனால் காமர்ஸ்தான். காமர்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. அவள் கேட்டது அதுவல்ல, அவ்வளவுதான்.

ஆகவே நான் லெட்டர் எழுதினேன்.

எழுதுவது எனக்குப் புதிதில்லை. எங்கள் கோயிலில் ஞாயிறு பூசைக்கு விசுவாசிகள் மன்றாட்டு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். நோயாளிகளுக்காக, மீனவர்களுக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக என்று வாரம் ஐந்து மன்றாட்டு. ஒருவர் மைக்கில் வாசிப்பார், கோயில் முழுக்க "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். ஆண்டவரிடம் கேட்பதற்கு வராத கூச்சம், பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஃபாதரிடம் கேட்பதற்கு வந்தது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் ரொம்பக் கெஞ்சியிருந்தேன். இன்னொன்றில் சண்டைக்குப் போவது மாதிரி இருந்தது.

கடைசியில் சரியாக வந்தது. பெயர், வகுப்பு, அட்மிஷன் நம்பர். பொருள்: கல்விக் கட்டணத்தைத் தவணை முறையில் செலுத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக. அப்புறம் இப்படி: "என் கணவர் ஓட்டிவந்த சரக்கு வண்டி விழிதியூர் வாய்க்காலில் கவிழ்ந்து, அவருடைய வலது தோளில் எலும்பு முறிவு ஏற்பட்டுள்ளது. அவர் மீண்டும் வண்டி ஓட்டும்வரை எங்களுக்கு வருமானம் இல்லை. இது தற்காலிகமான சிரமமே. கட்டணத்தைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் என மூன்று தவணைகளில் முழுவதையும் செலுத்திவிடுவோம்." ஒவ்வொரு மாதத்துக்கும் நேராகத் தேதியும் தொகையும் போட்டேன். கீழே கையெழுத்து. வேறு ஒன்றுமில்லை. அழுகை இல்லை, ஆண்டவர் பெயர் இல்லை.

திங்கட்கிழமை கொண்டுபோய் ஆபீஸில் சில்வியாவிடம் கொடுத்தேன். சில்வியா அங்கே கட்டணக் கவுன்ட்டரில் உட்காருகிற பெண். எங்கள் கோயில் பாடற்குழுவிலும் பாடுகிறாள். என்னைவிட வயதில் சின்னவள். நின்றபடியே லெட்டரைப் படித்துவிட்டு, "என்னமா எழுதியிருக்கீங்கக்கா! ஃபாதர் இத பாத்தா மறுபேச்சு பேச மாட்டார்" என்றாள்.

"மத்தவங்க கண்ணுல படாம ஃபாதர்கிட்ட குடுத்துரு" என்றேன்.

"அதுக்கென்னக்கா" என்றாள்.

மறுநாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. எடுத்துப் பார்த்தேன். என் லெட்டர். என் கையெழுத்தில், என் தாளில், போட்டோவாக. அதன் கீழே சில்வியா போட்டிருந்தது: "தவணை வேண்டும் பெற்றோர் இந்த மாதிரியில் எழுதி வியாழக்கிழமைக்குள் கொடுக்கவும்." என் பெயர் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூப் படத்தை ஒட்டி மறைத்திருந்தாள். ரோஜாப்பூ! அட்மிஷன் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. வாய்க்கால் தெரிகிறது. தோள் எலும்பு தெரிகிறது. காரைக்காலில் அந்த வாய்க்காலில் வண்டி விட்டது யார் என்று ஊருக்கே தெரியும், ரோஜாப்பூ எதற்கு?

கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். "மனசு கஷ்டமா இருக்கு." "சீக்கிரம் குணமாகட்டும்." சுகிர்தா ஒரு குரல் பதிவே அனுப்பியிருந்தாள். சுகிர்தா தருமபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. வீட்டுக்காரர் கார்த்திகேசன் தனியார் வங்கியில் வேலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, முதுகில் லேப்டாப் பை. "அக்கா, என்ன உதவின்னாலும் கூச்சப்படாம கேளுங்கக்கா" என்று அந்தப் பதிவில் சொல்லியிருந்தாள். அவளுடைய அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. உதவி கேட்டேனா நான்? தவணை கேட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா இவளுக்கு?

சில்வியாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் எடுக்காததுமாக, "உனக்கு மூளை இருக்காடி?" என்று கேட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தெனமும் நாலு பேர் வந்து எப்டி எழுதறதுன்னு கேக்கறாங்க. எதையாவது எழுதிக் குடுக்கறாங்க, காரணம் போதாதுன்னு ஃபாதர் திருப்பி அனுப்பிடறார். உங்களது அவ்வளவு நல்லா இருந்துச்சு. பேர மறைச்சுத்தானே போட்டேன்?"

"யார கேட்டு போட்ட?"

"கோயில்ல நீங்க எழுதற மன்றாட்டத்தானேக்கா எல்லாரும் சேந்து சொல்றோம்? அதுக்கு நீங்க கோச்சுக்கிட்டதே இல்லையே" என்றாள்.

அவள் கிண்டல் பண்ணவில்லை, மனசார நம்பித்தான் சொன்னாள். அதுதான் இன்னும் ஆத்திரம். போனை வைத்துவிட்டேன். உடனே அவள் அந்தப் போட்டோவை அழித்தாள். அழித்து என்ன, பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்து, வேண்டியவர்கள் எடுத்தும் வைத்தாயிற்று.

அமலன் இடது கையால் போனை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "எருமைய எழுதாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் குழுவில் ஆபீஸிலிருந்து அறிவிப்பு வந்தது. தவணை கேட்டு வந்திருக்கும் கடிதங்கள் அனைத்தும் ஒரே மாதிரி இருப்பதால் எதுவும் ஏற்கப்படவில்லை. நாளை மாலைக்குள் முழுக் கட்டணத்தையும் செலுத்தாதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்.

அதைப் படித்ததும் போட்டிருந்த நைட்டியை மாற்றி, புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆக்சிலியா வாசல்வரை வந்து, "அம்மா, சண்ட போடாதம்மா. காமர்ஸே படிக்கறேன்" என்றாள்.

"வாய மூடு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு ஏற்கனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். மொபைல் கடை வைத்திருக்கும் இக்பால் பாய் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிஞ்சல்மேட்டு அமுதம், மீன் விற்கிறவள், சேலை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஓரத்தில், தூணுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி சுகிர்தா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கும்பிடு போட்டவர்களெல்லாம் இங்கே இருக்கிறார்கள்.

"எல்லார் வண்டியும் கவுந்துருச்சா?" என்று பொதுவாகக் கேட்டேன். கேட்டபின் எனக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

சில்வியா அழுது வீங்கின கண்ணோடு கதவைத் திறந்துவிட்டாள். தாளாளர் ஃபாதர் மரியமுத்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மோசமான மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வெயிலில் நின்று பிள்ளைகளை ரோடு கடத்திவிடுகிறவர்தான். ஆனால் கட்டண விஷயத்தில் கறார். மேஜைமேல் லெட்டர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்திருந்தார்.

"வாங்கம்மா. நீங்களும் வாய்க்காலா?" என்றார்.

"நான்தான் ஃபாதர் வாய்க்கால். மத்தவங்க எல்லாம் எனக்கு அப்புறம்."

போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். இன்சூரன்ஸுக்காக எடுத்தது. வண்டி தலைகுப்புறக் கிடக்கிறது, காய்ந்த வாய்க்கால் முழுக்கத் தேங்காய். அடுத்த படத்தில் அமலன், ஆஸ்பத்திரிக் கட்டிலில், கட்டுப்போட்ட தோளோடு. பிறகு, ஆபீஸிலிருந்து என் லெட்டரை எடுத்து ஊருக்குக் காட்டியதையும் சொன்னேன். சில்வியா பெயரைச் சொன்னேனா என்றால், சொன்னேன். மறைக்க எனக்கு மனசில்லை. கதவோரம் நின்ற அவள் தலை இன்னும் கீழே போயிற்று.

ஃபாதர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்புறம் பேசிக்கிறேன் உன்கிட்ட" என்றார். பரப்பியிருந்ததில் என் லெட்டரைத் தேடி எடுத்து, பச்சை மையில் "அனுமதிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "முதல் தவணைய நாளைக்குக் கட்டிருங்க. மத்தது நீங்க போட்ட தேதிக்கே" என்றார்.

அவ்வளவுதான். ஆக்சிலியாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டேன். அதைச் சில்வியாவிடம் கொடுத்துப் பதியச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுந்தும்விட்டேன்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றார் ஃபாதர். "இவங்கள்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே? இதுல யாருக்கு நெஜமாவே கஷ்டம், யாரு சும்மா கேக்கறாங்க? சொன்னீங்கன்னா ரெண்டு பேருக்கோ மூணு பேருக்கோ பாத்துக் குடுக்கலாம்."

லெட்டர்களை என் பக்கம் தள்ளினார். நானும் பார்த்தேன். ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. எல்லாவற்றிலும் என் வாக்கியங்கள். "இது தற்காலிகமான சிரமமே" என்று பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். இக்பால் பாய் கூடுதலாக ஒன்று சேர்த்திருந்தார்: வண்டி வெள்ளத்தில் மூழ்கிவிட்டதாம்.

"மே மாசம் வெள்ளம்!" என்றார் ஃபாதர். "மேட்டூர் அணை தொறக்கறதுக்கு முன்னாடி இவருக்கு மட்டும் தண்ணி வந்துருக்கு. அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதும்மா."

அடுத்ததை எடுத்தார். "இது அதவிட மோசம். இந்த அமுதம். கணவருக்குத் தோள் எலும்பு முறிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்காங்க. ஆபீஸ் ரெக்கார்டுல புள்ளையோட தகப்பனார் காலமாயிட்டார்னு இருக்கு. நாலு வருஷம் ஆச்சு. இவ்வளவு பொய் சொல்லணுமா?"

எனக்கு அமுதத்தின் மேல்தான் முதலில் கோபம் வந்தது. செத்துப்போன மனுஷனுக்குக் கட்டுப்போட என் வீட்டுக்காரர் தோளா கிடைத்தது? அப்புறம், எதற்காக இப்படி எழுதினாள் என்று தோன்றியது. தடைக்காலம் நடக்கிறது. போட்டெல்லாம் கரையில் நிற்கிறது. மீன் வரத்து இல்லாமல் மீன்காரிக்கு என்ன வருமானம் இருக்கும்? உண்மையைத்தான் எழுதியிருக்கலாமே.

"தடைக்காலம்னு எழுதியிருக்கலாமே ஃபாதர், இந்த அம்மா" என்றேன்.

"போன வருஷம் எழுதினாங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன். தடைக்காலம் வருஷா வருஷம் வர்றது. அது எதிர்பாராத கஷ்டம் ஆகுமா? முன்னாடியே சேத்து வெக்க வேண்டாமா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குள் என்னவோ அறுந்தது.

வருஷா வருஷம் வருகிற கஷ்டம் கஷ்டமில்லையாம். திடீரென்று வர வேண்டுமாம், வாய்க்காலில் விழ வேண்டுமாம், எலும்பு முறிய வேண்டுமாம், அதுவும் படம் இருக்க வேண்டுமாம். என் வண்டி சரியான நேரத்தில் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது, நான் யோகக்காரி. இப்போது அந்த யோகத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளியே குனிந்திருக்கிறவர்களில் யாருக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் தரம் பிரிக்க வேண்டும். சந்தையில் கெண்டை பிரிக்கிற மாதிரி.

"எல்லார் வண்டியும் அந்த வாய்க்கால்லதான் கவுந்துச்சு ஃபாதர்" என்றேன்.

"என்னது?"

"பதினோரு வண்டியும். அமுதம் வீட்டு வண்டிதான் மொதல்ல கவுந்துச்சு. நாலு வருஷமா கவுந்தேதான் கெடக்கு."

அவர் முகம் மாறியது. "வெளையாடறீங்களா? உங்களுக்கு அனுமதி குடுத்தாச்சு, அதோட போங்க. இது கோயில் இல்ல, ஆபீஸ். போன வருஷம் தவணை வாங்கினவங்கள்ல பாதிப் பேர் மொதல் தவணையோட காணாமப் போயிட்டாங்க. டீச்சர்களுக்கு சம்பளம் நான் எங்கேருந்து குடுக்கறது? நாளைக்கு பிஷப் ஹவுஸ்ல கணக்கு கேட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை.

"காணாமப் போனவங்க என்ன காரணம் எழுதினாங்க ஃபாதர்?"

"எல்லாம் நல்ல காரணம்தான். ஆபரேஷன், அது இதுன்னு."

"அப்ப நல்ல காரணத்தப் பாத்துக் குடுத்து என்ன ஆச்சு? நாங்க யாரும் தள்ளுபடி கேக்கல. முழுசையும் கட்டறோம்னுதான் கேக்கறோம். எப்பக் கட்டுவேன்னு கேளுங்க, தேதி எழுதி வாங்கிக்குங்க, கட்டலன்னா கூப்புட்டு வெச்சுக் கேளுங்க. ஏன் கட்ட முடியலன்னு எதுக்கு ஃபாதர் கேக்கறீங்க? அதச் சொல்ல முடியாமத்தான் அத்தன பேரும் என் வாய்க்கால்ல வந்து விழுந்துருக்காங்க."

கத்தித்தான் பேசினேன். வராந்தாவில் கேட்டிருக்கும். சில்வியா கதவைச் சாத்தப் போனாள். "தொறந்தே இருக்கட்டும்" என்றேன்.

ஃபாதர் கையை நீட்டினார். "அந்த லெட்டரக் குடுங்க."

கொடுத்தேன். பச்சை மை இன்னும் சரியாகக் காயவில்லை. அதை வாங்கி மற்ற லெட்டர்களோடு சேர்த்து அடியில் வைத்தார். "அப்ப எல்லாருக்கும் ஒரே முடிவுதான். அதுதானே உங்களுக்கு வேணும்?"

ஆக்சிலியா வாசலில் நின்றது கண்ணுக்குள் வந்தது. சண்டை போடாதே என்று சொல்லித்தானே அனுப்பினாள். கையில் கிடைத்ததை நானே திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், யாருக்காக? எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு என் லெட்டரைத் திருடினவர்களுக்காக. மன்னிப்புக் கேட்டு என்னுடையதை மட்டும் திருப்பி வாங்கிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை. கோபம்தான் கேட்க விடவில்லை.

அவர் வெகுநேரம் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்தார். முதல் லெட்டரில், காரணம் எழுதியிருந்த பத்திமேல் ஸ்கேலை வைத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். கீழே இருந்த தேதிகளைப் படித்தார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. அமுதத்தின் லெட்டர் வந்தபோது கை ஒரு நொடி நின்றது. பிறகு அந்தப் பத்தியையும் அடித்தார், மற்றவற்றைவிட அழுத்தமாக.

கடைசியில் என்னுடையது. அதிலும் ஸ்கேலை வைத்தார்.

"ஃபாதர், என்னது நெஜம்!"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அதையும் அடித்தார். "நீங்கதானே காரணமே கேக்கக் கூடாதுன்னீங்க?"

உண்மையாக விழுந்த என் வண்டியும், உண்மையாக முறிந்த எலும்பும், மூன்று தாளைக் கிழித்து நான் எழுதின எழுத்தும் அந்தப் பச்சைக் கோட்டுக்குக் கீழே போயின. இடம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி ஒரு பக்கம், அடித்துவிட்டாரே என்ற எரிச்சல் ஒரு பக்கம். ஃபாதர் கட்டைச் சில்வியாவிடம் நீட்டினார். "எல்லாத்தையும் பதிவு பண்ணு. மொதல் தவணை நாளைக்குள்ள வரணும், அதுல மாத்தமில்ல. ரெண்டாந் தவணை யாராவது தவறினா, அடுத்த வருஷம் யாருக்கும் தவணை கெடையாது. வெளியில சொல்லிரு." என்னைப் பார்த்து, "நீங்களும் சொல்லுங்க, நல்லா சத்தமா பேசறீங்கல்ல" என்றார்.

வெளியே வந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாம் கேட்டிருந்தது. இக்பால் பாய் எழுந்து நின்று, "மன்னிச்சிருங்க தங்கச்சி" என்றார்.

"வெள்ளம் எதுக்கு பாய்?" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

சுகிர்தா தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அந்தக் குரல் பதிவு என் காதில் இன்னும் இருந்தது. "உங்க வீட்டுக்காரருக்குத் தோள் சேந்துருச்சா சுகிர்தா?" என்று கேட்டேன். குத்த வேண்டும் என்றே கேட்டேன்.

குத்தியது. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "அவருக்கு வேல போயி மூணு மாசம் ஆகுதுக்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பைய மாட்டிக்கிட்டுத் தெனமும் கெளம்பறார். பீச்சுல போயி உக்காந்துட்டு சாயங்காலம் வர்றார். எங்க மாமியாருக்கே தெரியாது. இத எப்டிக்கா லெட்டர்ல எழுதறது? சில்வியா எடுத்துக் குழுவுல போட்டுட்டான்னா?"

நல்லவேளை எழுதாமல் விட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினேன்.

கேட் பக்கம் அமுதம் நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான். அவளிடம் எனக்கு ஒரு கேள்வி பாக்கியிருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஏம்மா, நீயாவது புருஷன்ங்கற எடத்துல அண்ணன், தம்பின்னு மாத்தி எழுதியிருக்கக் கூடாதா?"

"எனக்கு அவ்வளவு எழுதத் தெரியாதுக்கா. அப்டியே பாத்துப் பாத்து எழுதினேன்" என்றாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "எழுதறப்போ தெரிஞ்சுதான் எழுதினேன். தோள் எலும்பு முறிஞ்சு வீட்ல இருக்கார்னு எழுதினேன் பாருங்க, அந்த எடத்துல கொஞ்ச நேரம் பேனாவ வெச்சுட்டேன். அவருக்கும் வெறும் எலும்போட போயிருந்தா எவ்வளவு நல்லா இருந்துருக்கும், வீட்ல உக்காந்துருப்பாரேன்னு."

சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வேகமாகப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆக்சிலியா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "பயாலஜிதான், போ" என்றேன். அவள் குதித்ததில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அமலன் கண்ணாடி முன்னால் நின்று, இடது கையால் மேல் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு, திட்டுக்குத் தயாராக நின்றார்.

"கூப்புட்டா என்னவாம்? வாயும் சேந்தா ஒடஞ்சு போச்சு?" என்றேன்.

கிட்டே போய், கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டேன். மெதுவாகத்தான் போட்டேன்.